போர்டை மறைத்த விரல்

என் வீட்டுக்காரரை இந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அரை இஞ்ச் டெய்லர் என்றால்தான் தெரியும். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பது அவருடைய தொழில். எந்தப் பிள்ளைக்கு அளவெடுத்தாலும் கால்சட்டையின் மடிப்பிலும் இடுப்பிலும் அரை இஞ்ச் துணியை உள்ளே விட்டுத்தான் தைப்பார். "வளர்ற பிள்ளைம்மா. உள்ள அரை இஞ்ச் இருக்கு. அடுத்த வருஷம் கொண்டு வா, பிரிச்சு விடுறேன்" என்று ஒவ்வொரு அம்மாவிடமும் சொல்லி அனுப்புவார். பழைய துணியைப் பிரித்து விட்டுக்கொண்டே இருந்தால் புதுத் துணி யார் தைக்கக் கொடுப்பார்கள், பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நானும் எத்தனையோ தரம் திட்டியாயிற்று. சிரித்துக்கொண்டே மெஷினை மிதிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

எல்லாவற்றிலும் மிச்சம் வைத்த மனுஷனுக்குச் சிறுநீரகம் மட்டும் மிச்சம் வைக்காமல் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி, வாரத்தில் மூன்று நாள் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ஊசி குத்தி, ரத்தத்தை மெஷினுக்குள் விட்டுச் சுத்தம் செய்து திருப்பி ஏற்றுவார்கள். முடிய பத்து மணி ஆகும். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருப்பேன். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு உண்டு. ஒரு பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நான் அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு வாய் கூடுதலாகக் குடித்துவிட்டு, பாட்டிலைச் சாய்த்து, தண்ணீர் கோட்டுக்கு நேராக நிற்கிற மாதிரி பிடித்துக் காட்டுவார். திருட்டு மனுஷன்.

அவருக்கு ஒரே அக்கா. எனக்கு அண்ணி. மலைக்கு அந்தப் பக்கம், ஒரு கிளைப் பாதை ரயில் மட்டும் போய் வருகிற சின்ன ஊரில் இருக்கிறார். அண்ணியின் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகி நான்கு வருஷம். அவரை விட்டு அண்ணி அரை நாள்கூட நகர முடியாது. இவருக்கு மெஷின், அவருக்குக் கட்டில். அக்காவும் தம்பியும் நான்கு வருஷமாக ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. அந்த ஊரில் சிக்னல் அழுது வடியும், அதனால் முகம் பார்த்துப் பேசுகிற வேலையெல்லாம் கிடையாது. குரல் மட்டும்தான். போட்டோ வேண்டுமானால் ஆடி அசைந்து வந்து சேரும். அண்ணி மாத்திரை அட்டையை மேஜை மேல் வைத்து போட்டோ எடுத்து, மருந்துக் கடையில் வேலை பார்க்கிற என் மகளுக்கு அனுப்புவார். அதைத் தவிர வேறு எதையும் எடுத்ததில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, பெரியவன் எங்க ரெண்டு பேரையும் தன்கூடவே கூட்டிட்டுப் போறான். விசா வந்துடுச்சு. சனிக்கிழமை வர்றான், அடுத்த ஞாயிறு விமானம்."

"திரும்ப எப்பக்கா வருவீங்க?"

"மாமாவை ஒரு தடவை தூக்கிட்டுப் போறதே பெரிய பாடு. திரும்ப எங்க வர்றது."

இவர் கையிலிருந்த சாக்பீஸால் மேஜையில் ஒரு கோடு போட்டார், அதன் மேலேயே இன்னொரு கோடு போட்டார். பிறகு, "நான் வர்றேன்கா" என்றார்.

நான் போனைப் பிடுங்காத குறை. வருகிறாராம். எப்படி வருவார்? பஸ்ஸில் போகலாம் என்றால், மழையில் ரோட்டுப் பாலம் உடைந்து பஸ் அந்த ஊருக்குள் வராமல் சுற்றிக்கொண்டு போகிறது. ரயிலில்தான் போக வேண்டும். வியாழன் காலை பத்து மணிக்கு மெஷினிலிருந்து எழுந்தால் சனி காலை ஆறு மணிக்குத் திரும்பப் படுத்தாக வேண்டும். நடுவில் கிடைப்பதுதான் அவருடைய உலகம். ஒரு தடவை படுக்காமல் விட்டால் உடம்பில் நீர் ஏறி மூச்சு முட்டும், உப்பு ஏறி இதயம் தடுமாறும். பக்கத்துப் படுக்கைக்காரர் ஒரு கல்யாணத்துக்காக ஒரு நாள் விட்டார். அந்தப் படுக்கையில் இப்போது வேறு ஆள் படுத்திருக்கிறார்.

"சனிக்கிழமை காலையில கட்டில்ல இருப்பேன். இல்லாட்டி என்னைக் கேளு" என்றார்.

"இல்லாட்டி உங்களை எங்க போய்க் கேக்குறது?" என்றேன்.

பெரிய ரயிலைப் பற்றிக் கவலை இல்லை. வியாழன் ஒரு மணிக்கு இங்கே ஏறினால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜங்ஷன். திரும்பும்போது வெள்ளி இரவு ஒன்பதரைக்கு ஜங்ஷனில் ஏறினால் விடிவதற்குள் வீடு. கிளைப் பாதைதான் சிக்கல். தண்டவாளம் மாற்றிப் போட்டு, சமீபத்தில்தான் ரயில்களைப் புது நேரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். போனில் தேடினால் பழைய நேரத்தைக் காட்டியது. விசாரணை எண்ணுக்கு அடித்தால் பாட்டுப் போட்டார்கள், பாட்டு முடிந்ததும் ஒரு பெண் அதே பழைய நேரத்தை வாசித்தாள். புது நேரம் எழுதிய இடம் ஒன்றுதான், அண்ணியின் ஊர் ஸ்டேஷனில் தொங்குகிற போர்டு.

"நான் போய் போட்டோ எடுத்து அனுப்புறேன்" என்றார் அண்ணி. கண்ணில் புரை. அவ்வளவு உயரத்தில் இருக்கிற எழுத்து அவருக்குக் கலங்கலாகத்தான் தெரியும். படித்துச் சொல்ல முடியாது, எடுத்து அனுப்ப முடியும். பக்கத்து வீட்டுப் பெண் மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் கொஞ்ச நேரம் மாமா பக்கத்தில் உட்காருவாள், அந்த நேரத்தில் ஓடிப் போய் வந்துவிடலாம் என்றார். ஸ்டேஷனில் யாரையாவது கேட்கலாமே என்றேன். டிக்கெட் கவுன்ட்டரே ரயில் வருகிற நேரத்தில்தான் திறப்பார்களாம், அந்த நேரத்தில் நாய்தான் படுத்திருக்குமாம்.

திங்கட்கிழமை போட்டோ வந்தது. நீல போர்டு, வெள்ளை எழுத்து, ஐந்து வரி. கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் வெயில் பட்டு, ஆனாலும் பளிச்சென்றுதான் இருந்தது. வலது பக்கம் கீழ் மூலையில் அண்ணியின் கை. போர்டு எது என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையின் ஆள்காட்டி விரலை நீட்டி இதுதான் போர்டு என்று காட்டியிருக்கிறார்.

இவர் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கினார். ரயில் நேரத்தை அல்ல, விரலை. நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது.

"இது நான் செஞ்சது" என்றார் மகளிடம். "அக்கா மெஷின் கத்துக்கிட்டிருந்தப்ப சக்கரம் சுத்துறது எனக்கு விளையாட்டு. விரல் ஊசிக்கு அடியில இருந்தப்ப சுத்திட்டேன். எங்கம்மா கேட்டதுக்கு, நானேதான் மிதிச்சுட்டேன்னு சொல்லிடுச்சு. கடைசி வரைக்கும் எங்கம்மாவுக்குத் தெரியாது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை எனக்கே சொன்னதில்லை. சரி, அது தனிக் கணக்கு.

மகளின் போனில் படத்தைக் கொடுத்தால் அதிலிருக்கிற எழுத்தைப் படித்துக் கேள்விக்குப் பதில் சொல்கிற ஆப் ஒன்று இருக்கிறது. மருந்துச் சீட்டின் கிறுக்கலைக்கூட அதில்தான் பார்ப்பாள், பார்த்துவிட்டு டாக்டருக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வாள். போட்டோவை அதில் போட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் போர்டு முழுவதையும் கட்டம் கட்டி எழுதிக் கொடுத்துவிட்டது. ரயில் எண், எங்கே போகிறது, வரும் நேரம், புறப்படும் நேரம், ஓடும் நாட்கள்.

இவர் சும்மா நம்பவில்லை. மர ஸ்கேலை எடுத்து வந்தார். போட்டோ சாய்ந்திருந்ததால் வரியும் சாய்ந்துதான் ஓடியது. நேராகப் பார்த்துக்கொண்டே போனால் கடைசிக் கட்டத்துக்கு வரும்போது கண் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். அதனால் ஸ்கேலையும் அதே சாய்வில் போன் மேல் வைத்து, வரி வரியாக வாசித்தார், மகள் ஆப் எழுதியதைச் சரி பார்த்தாள். காலை ஆறு பன்னிரண்டுக்கு ஜங்ஷன் போகும் வண்டி. ஒன்பது நாற்பத்திரண்டுக்கு மலை மேல் போகும் வண்டி. பதினான்கு ஏழு, அதாவது மதியம் இரண்டு ஏழுக்கு ஜங்ஷன் வண்டி. பத்தொன்பது இருபத்திரண்டு, சாயங்காலம் ஏழு இருபத்திரண்டுக்கு இன்னொரு ஜங்ஷன் வண்டி. கடைசியாக இரவு எட்டரைக்கு ஜங்ஷனிலிருந்து வந்து மலை மேல் போகும் வண்டி. எண்ணில் ஒரு பிசகு இல்லை.

"பரவால்லையே, ஒழுங்கா அளவெடுக்குதே" என்றார்.

மகள் கேள்வியைத் தட்டினாள். வெள்ளி சாயங்காலம் இந்த ஸ்டேஷனில் ஏறினால் இரவு ஒன்பதரைக்குள் ஜங்ஷன் போய்ச் சேர முடியுமா? ஆப் பதில் சொன்னது: 19:22 வண்டி தினசரி ஓடுகிறது, அதைப் பிடிக்கலாம். ஆனால் ஜங்ஷனுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பது இந்தப் போர்டில் இல்லை, அதை விசாரித்துக்கொள்ளுங்கள். அண்ணியைக் கேட்டோம். ஒன்றே கால் மணி நேரம் என்றார். எட்டரை மணி வாக்கில் ஜங்ஷன். ஒன்பதரைக்குப் பெரிய வண்டி. நடுவில் தாராளமாக நேரம் இருக்கிறது.

இவருக்கு முகமெல்லாம் பல். வியாழன் ராத்திரி போனால் வெள்ளி முழுப் பகலும் அக்காவோடு. மகள் பெரிய வண்டிக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரும் தலையாட்டினார், உப்பு, தண்ணீர் விஷயத்தில் என்னைத்தான் எச்சரித்தார், யாரோ நான் குடிக்கிற மாதிரி. "சனிக்கிழமை ஆறு மணிக்கு இந்தக் கட்டில்ல இருக்கணும். அதுல பேச்சே கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெஷின் ஓடத் தொடங்கியதும் இவர் தூங்கிவிட்டார். எனக்கு வேலை இல்லை. அவர் போனை எடுத்து அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணியின் நகத்தைப் பார்த்தேன், பாவம் என்றிருந்தது. அப்போதுதான் திக்கென்றது. அந்த விரல் எங்கே இருக்கிறது? கடைசிக் கட்டத்தில். ஓடும் நாட்கள் என்ற கட்டத்தில். மேலே மூன்று வரியில் தினசரி, தினசரி, தினசரி என்று தெரிகிறது. கீழே இரண்டு வரியில் எழுத்தே தெரியவில்லை, அண்ணியின் விரல்தான் தெரிகிறது. நாங்கள் போகிற எட்டரை வண்டியும் திரும்புகிற ஏழு இருபத்திரண்டும் அந்த விரலுக்கு அடியில் இருக்கின்றன.

நேற்று ஸ்கேல் வைத்து வாசித்தாரே, இதைப் பார்க்கவில்லையா? அந்த விரல் வந்ததும் அவர் எங்கே வரியைப் பார்த்தார். மகள் நேரத்தைச் சரி பார்ப்பதிலேயே இருந்தாள்.

மகளுக்குப் போன் போட்டேன். அவள் கடையில் இருந்தபடியே ஆப்பைக் கேட்டாள்: கடைசி இரண்டு வரியில் தினசரி என்று எழுதியிருக்கிறாயே, அது படத்தில் தெரிகிறதா? அது ஒளிக்காமல் சொல்லிவிட்டது. தெரியவில்லை, அந்த இடத்தை விரல் மறைத்திருக்கிறது, மேல் வரிகளில் இருந்ததை வைத்துத் தினசரி என்று எடுத்துக்கொண்டேன், அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், விரல் படாத படம் இருந்தால் அனுப்புங்கள் என்றதாம். நன்றாக இருக்கிறது நியாயம். மேல் பட்டனைப் பார்த்துவிட்டுக் கீழ் பட்டனும் இருக்கும் என்று சட்டையைக் கொடுத்தால் பள்ளிக்கூடப் பிள்ளை திரும்பக் கொண்டு வந்து முகத்தில் எறியும்.

இவர் கண் விழித்ததும் சொன்னேன். கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த வண்டி வெள்ளிக்கிழமை ஓடலன்னா?"

"அந்த ஊர்லயே உக்கார வேண்டியதுதான். பாலமும் இல்ல, பஸ்ஸும் இல்ல. சனிக்கிழமை காலைல இந்தக் கட்டில் காலியா இருக்கும்" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். பயமாக இருந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும், என்ன செய்வது.

"போகாம இருந்துடலாம்னு சொல்லாத."

"நான் எப்ப சொன்னேன்? தெரிஞ்சுக்கிட்டுப் போகலாம்னு சொல்றேன்."

மதியம் வீட்டுக்கு வந்து அண்ணிக்குப் போன் போட்டார். ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், விரலை எடுத்துவிட்டு இன்னொரு தரம் எடு என்று. இவருக்கு வாய் வரவில்லை.

"போட்டோ நல்லா வந்துச்சா தம்பி?"

"நல்லா வந்திருக்குகா. ரொம்ப நல்லா வந்திருக்கு."

நான் தலையில் அடித்துக்கொண்டு போனை வாங்கினேன்.

"அண்ணி, போர்டு நல்லா வந்திருக்கு, உங்க விரலும் கூட வந்திருக்கு. வண்டி என்னைக்கு ஓடும்ங்கிற இடத்தை மறைச்சுக்கிட்டு நிக்குது. விரலை நீட்டாம இன்னொரு தரம் எடுத்து அனுப்புங்க."

"ஐயையோ. எதைப் பார்க்கணும்னு உங்களுக்குத் தெரியணுமேன்னுதான் காட்டினேன்."

"எங்களுக்குத் தெரியும் அண்ணி. நீங்க ரெண்டு கையாலயும் போனைப் பிடிச்சுக்கிட்டு எடுங்க."

"கண்டிப்பா. நாளைக்கு மதியம் போறேன்."

புதன்கிழமை மதியம் கடையில் நாங்கள் இரண்டு பேரும்தான். கடை என்பது எங்கள் வீட்டின் முன்னறை. ஒரு மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஒரு மூலையில் துணித் திரை, திரைக்குப் பின்னால் பிள்ளைகள் போட்டுப் பார்க்க ஆள் உயரக் கண்ணாடி. இவர், விமானத்தில் குளிருமே என்று அக்காவுக்காகத் தைத்த ஒரு முழுக்கை மேல்சட்டையின் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். மாமாவுக்கு, படுத்த வாக்கிலேயே போட்டுவிடுகிற மாதிரி முதுகுப் பக்கம் திறந்த சட்டை இரண்டு. நூல் கோத்துக்கொண்டே நிமிஷத்துக்கு ஒரு தரம் போனைப் பார்த்தார்.

போட்டோ வந்தது. ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டுத் திறந்தார்.

விரல் இல்லை. அண்ணி இருந்தார். படத்தில் பாதிக்கு அண்ணியின் முகம். நரைத்த முடி காற்றில் கலைந்து, நெற்றி சுருங்கி, பத்திரமாகச் செய்ய வேண்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு. தோளுக்கு மேலே நீல போர்டு. ஆனால் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பி, ஒன்றும் புரியவில்லை. உடனே அண்ணியின் போனும் வந்தது.

"தம்பி, இந்தத் தடவை ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சேன். எதையோ அமுக்கிட்டேன் போல. போர்டைப் பார்த்துப் பிடிச்சா என் மூஞ்சிதான் தெரியுது. என்னடா இதுன்னு பார்த்தேன். அப்புறம் போர்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்னேன், போர்டு வந்துடுச்சு. அப்படியே எடுத்துட்டேன். சரியா?"

இவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான், "சரிதான் அண்ணி, பார்த்துட்டுக் கூப்பிடுறோம்" என்று வைத்தேன். அண்ணியின் மூளையை மெச்சத்தான் வேண்டும். போன் தன்னைப் பார்க்கிறது என்றால் உலகத்தைத் திருப்ப முடியாது, தான் திரும்பிக்கொள்ளலாம். யாருக்குத் தோன்றும்?

மகளுக்கு அனுப்பினால் ஒரு நொடியில் திருப்பிவிடுவாள். ஆனால் அவள் கடையில் கூட்டம் போல, எடுக்கவில்லை. எனக்கும் இவருக்கும் அந்த வித்தை தெரியாது. இவர் போனை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். நான் பின்னாலேயே போனேன். போர்டு இருக்கிற இடத்தைப் பெரிதாக்கி, போனின் முகத்தைக் கண்ணாடிக்குக் காட்டி நின்றார். கண்ணாடியில் பார்த்தால், திரும்பிக் கிடந்த எழுத்தெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"கீழேருந்து ரெண்டாவது வரி" என்றேன் நான். "முதல்ல நேரத்தைப் பாருங்க. அந்த வண்டிதானான்னு பார்த்துட்டு அப்புறம் நாளைப் பாருங்க."

"பத்தொன்பது இருபத்திரண்டு. அதேதான்." மெதுவாகப் படத்தை நகர்த்தினார். "வெள்ளி தவிர" என்றார்.

"கீழ் வரி?"

"தினசரி. எட்டரை வண்டி தினசரி."

நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த விரலைப் பார்க்காமல் போயிருந்தால், வெள்ளி சாயங்காலம் ஆளில்லாத ஒரு ஸ்டேஷனில் இந்த மனுஷனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வராத வண்டிக்காகத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அதற்கு மேல் நினைக்கப் பிடிக்கவில்லை.

"இரண்டு ஏழு வண்டியில திரும்பிடணும்" என்றேன். "பகல் பாதியாயிடும். ஆனா பத்திரமா வந்துடலாம். மதியமே ஜங்ஷன் போயிட்டா நடுவுல ஏகப்பட்ட நேரம் இருக்கு."

"இருக்கட்டும். கொஞ்சம் உள்ள விட்டுத் தைக்கிறது நல்லதுதான்" என்றார்.

படித்து முடித்தாயிற்று, வெளியே வரலாம் இல்லையா. வரவில்லை. பெரிதாக்கியிருந்த படத்தைப் பழையபடி சின்னதாக்கினார். போர்டு தள்ளிப் போய் அண்ணியின் முகம் வந்தது. கண்ணாடியில் இப்போது இவர் முகம், பக்கத்தில் கையளவுக்கு அண்ணியின் முகம். அதே நெற்றி, அதே மூக்கு, காரியம் செய்யும்போது உதட்டைக் கடிக்கிற அதே பழக்கம். காஜா எடுக்கும்போது இவரும் அப்படித்தான் கடிப்பார்.

"அக்காவுக்கு வயசாயிடுச்சு" என்றார்.

"உங்களுக்கு மட்டும் குறைஞ்சுக்கிட்டா வருது?" என்றேன். திரைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

மகள் சாயங்காலம் வந்து படத்தைத் திருப்பி, ஆப்பில் கொடுத்து மறுபடி கேட்டாள். அண்ணியின் தலை ரயில் எண்களை மறைத்திருக்கிறது, நேரமும் நாளும் தெரிகின்றன, 19:22 வெள்ளிக்கிழமை ஓடாது, அன்று 14:07 வண்டியில் கிளம்புங்கள் என்றது. கண்ணாடியும் அதுவும் ஒரே பதில்.

வியாழன் ராத்திரி எட்டரை வண்டி எங்களை இறக்கிவிட்டுப் போனது. அண்ணி வீட்டில் நடந்ததையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. இவர் மாமாவைப் புரட்டிப் படுக்க வைத்துப் புதுச் சட்டையைப் போட்டுவிட்டார், அளவு சரியா என்று கழுத்துப் பக்கம் விரல் விட்டுப் பார்த்தார். அண்ணி இவருடைய இடது கையைத் தூக்கிப் பார்த்தார், ஊசி குத்திக் குத்திப் புடைத்துக் கிடக்கிற இடத்தைப் பிளந்த நகத்தால் மெல்லத் தடவினார். "வலிக்குமா?" என்றார். "உனக்கு வலிச்சதை விடக் கம்மிதான்கா" என்றார் இவர். அண்ணி அந்த விரலை மடக்கிக்கொண்டார். எனக்குத் தண்ணீர்ப் பாட்டிலைக் கண்காணிக்கிற வேலை. அன்றைக்குக் கோட்டுக்கு மேலே ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அந்த அளவுக்கு மனுஷன் ஒழுங்காக இருந்தார்.

வெள்ளி மதியம் பக்கத்து வீட்டுப் பெண்ணை மாமாவிடம் உட்கார வைத்துவிட்டு அண்ணி எங்களோடு ஸ்டேஷனுக்கு நடந்து வந்தார். நாய் படுத்திருந்தது. கவுன்ட்டரை அப்போதுதான் திறந்தார்கள். நீல போர்டு தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. நான் முதல் காரியமாக அதைப் போய்ப் பார்த்தேன். வெள்ளி தவிர. நேரில் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

அண்ணியும் பக்கத்தில் வந்து நின்று, தெரியாத எழுத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ரெண்டாவது போட்டோல விரல் வரலையே?"

"விரல் வரலக்கா" என்றார் இவர். "நீயே வந்திருந்த."

வண்டி வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது. இவர் அவசர அவசரமாகப் பையிலிருந்து அந்த மேல்சட்டையை எடுத்தார். ராத்திரியே கொடுத்திருக்கலாம், இவ்வளவு நேரம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணிக்கு அங்கேயே போட்டுவிட்டார். இடுப்பில் கொஞ்சம் இறுக்கம். இந்த வேலையைத் தன் வாழ்நாள் முழுக்கச் செய்தவர் அல்லவா, பழக்கத்தில் வாய் தானாக வந்துவிட்டது.

"உள்ள அரை இஞ்ச் இருக்குகா. அடுத்த வருஷம் கொண்டு வா, பிரிச்சு விடுறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. நான் போர்டைப் பார்த்துக்கொண்டேன். அண்ணி அந்த மேல்சட்டையின் பட்டனை ஒன்றொன்றாகக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டார்.

"சரி தம்பி, கொண்டு வர்றேன்" என்றார்.

வண்டி நின்ற கொஞ்ச நேரத்தில் ஏறிவிட்டோம். கிளம்பிய பிறகும் இவர் கதவருகே நின்றார். நான் திட்டவில்லை. அண்ணி நாங்கள் மறைகிற வரைக்கும் கையை ஆட்டவே இல்லை, அந்த விரலை நீட்டி எங்களைக் காட்டியபடி நின்றார்.

சனி காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். நர்ஸ் என்னைப் பார்த்து, "பரவால்லையே, ஊருக்குப் போயிட்டும் எடை ஏறல" என்றாள். இடது கையில் ஊசி ஏறியது, மெஷின் ஓடத் தொடங்கியது. இவர் வலது கையில் போனை எடுத்தார். எட்டிப் பார்த்தேன். அண்ணியின் முகம் இருக்கிற இரண்டாவது போட்டோ அல்ல, முதல் போட்டோ. போர்டின் மூலையைப் பெரிதாக்கி, பிளந்த நகம் திரை முழுக்க நிறைகிற அளவுக்குக் கொண்டு வந்து வைத்திருந்தார்.

"என்ன பார்க்குறீங்க?" என்றேன்.

"ரயில் டைம்" என்றார்.

சரி, பாருங்கள் என்று விட்டுவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலில் கோட்டை அழித்து, அவர் திருடிக் குடிக்கிற ஒரு வாய்க்கும் சேர்த்து அரை இஞ்ச் உள்ளே விட்டுப் புதிதாகப் போட்டேன்.